எல்யூடியா, ஐஜிஎஸ்டி கட்டி ரீஃபண்டா? வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் சேவை விற்பவர் எடுக்கவேண்டிய முடிவு

வெளிநாட்டு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவர், வடிவமைப்பவர், கணக்குப் பார்ப்பவர் என்று பலரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எனக்கு ஜிஎஸ்டி உண்டா, இல்லையா?" விகிதம் பூஜ்யம் என்று பதில் சொன்னால் நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். ஆனால் அந்தப் பூஜ்யத்தை அடைய இந்தியச் சட்டம் இரண்டு வழிகளைத் தருகிறது: எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்து வரி கட்டாமல் விற்பது, அல்லது ஐஜிஎஸ்டி என்ற ஒருங்கிணைந்த ஜிஎஸ்டியைக் கட்டிவிட்டு ரீஃபண்டாகத் திரும்ப வாங்குவது. எந்த வழியில் போகிறோம் என்பதைப் பொறுத்து, கணினி வாங்கியபோது கட்டிய வரி கைக்குத் திரும்பி வரலாம். அல்லது மின்னணுக் கணக்கில் வெறும் எண்ணாக ஆண்டுக்கணக்கில் கிடக்கலாம். இந்த இரண்டாவது நிலையில் தவிக்கும் சிறு நிறுவனங்களை அடிக்கடி பார்க்கிறேன். முழுக்கத் தவிர்த்திருக்கக்கூடிய நிலை அது.

பூஜ்ய விகிதம் என்பதும் வரிவிலக்கு என்பதும் ஒன்றல்ல. வரிவிலக்குப் பெற்ற சேவையை விற்றால் வாடிக்கையாளரிடம் வரி வாங்கமாட்டோம். ஆனால் அதற்காக நாம் வாங்கிய பொருள்கள், சேவைகள் மீது கட்டிய வரியை வரவாக எடுக்கவும் முடியாது. அது நம் செலவாகிவிடும். பூஜ்ய விகிதத்தில் அப்படியில்லை. வாடிக்கையாளரிடம் வரி வாங்குவதில்லை. நாம் கட்டிய உள்ளீட்டு வரியையும் திரும்பக் கேட்கலாம். ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டம் 2017-இன் 16-ஆவது பிரிவு ஏற்றுமதிக்குத் தரும் உரிமை இது.

முதலில், அது ஏற்றுமதிதானா?

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதே சட்டத்தின் 2(6) பிரிவு ஐந்து நிபந்தனைகளைச் சொல்கிறது. விற்பவர் இந்தியாவில் இருக்க வேண்டும். வாங்குபவர் இந்தியாவுக்கு வெளியே இருக்க வேண்டும். சேவை வழங்கப்படும் இடமாகச் சட்டம் கருதும் இடம் வெளிநாடாக இருக்க வேண்டும். பணம் மாற்றத்தக்க அந்நியச் செலாவணியில், அல்லது ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் இடங்களில் ரூபாயில் வர வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் ஒரே நிறுவனத்தின் இரண்டு கிளைகளாக மட்டும் இருக்கக் கூடாது.

முதல் இரண்டில் யாரும் தடுக்கி விழுவதில்லை. தடுக்கி விழும் இடம் மூன்றாவது. பொது விதிப்படி, வாங்குபவர் இருக்கும் இடமே சேவை வழங்கப்பட்ட இடம். மென்பொருள் எழுதுவது, ஆலோசனை சொல்வது, மொழிபெயர்ப்பது எல்லாம் இதில் அடங்கும். ஆனால் 13-ஆவது பிரிவில் விதிவிலக்குகள் இருக்கின்றன. துபாயில் இருக்கும் ஒருவர் இந்தியாவில் வீடு கட்டுவதற்காக ஒரு கட்டடக் கலைஞர் வரைபடம் போட்டுத் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், பணம் திர்ஹாமில் வருகிறது. ஆனாலும் அது ஏற்றுமதி ஆகாது. அசையாச் சொத்து தொடர்பான சேவைக்கு அந்தச் சொத்து இருக்கும் இடமே இடம். வெளிநாட்டு நிறுவனம் தன் கருவியை இந்தியாவுக்கு அனுப்பி, அதைச் சோதித்துத் தரச் சொன்னாலும் இதே சிக்கல் எழும். பொருளைக் கையில் வைத்துச் செய்யும் வேலைக்கு வேலை நடந்த இடமே கணக்கு. பழுதுபார்க்கவோ வேறு செய்முறைக்கோ தற்காலிகமாகக் கொண்டுவந்து, இந்தியாவில் பயன்படுத்தாமல் திருப்பி அனுப்பும் பொருளுக்கு விலக்கு உண்டு.

அதிகம் பேரைச் சிக்கவைத்தது இடைத்தரகர் விதி. வெளிநாட்டு நிறுவனத்தின் சரக்கை விற்க ஆள் பிடித்துக் கொடுத்துத் தரகுத்தொகை வாங்கினால், சேவை வழங்கப்பட்ட இடம் தரகர் இருக்கும் இடம், அதாவது இந்தியா என்று 13(8)(b) சொன்னது. அப்போது 18 சதவீத வரி. வெளிநாட்டு வாடிக்கையாளர் அதைத் தரமாட்டார். தரகரின் வருமானத்திலிருந்தே போகும். இந்த விதியை நீக்க 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மன்றம் பரிந்துரைத்தது. ஆனாலும் நீக்கம் நடைமுறைக்கு வரும் நாளுக்கு முந்தைய காலத்தின் சேவைகளுக்குப் பழைய விதியை வைத்தே கேள்வி வரும். ஆகவே பழைய ஒப்பந்தங்களை எடுத்துப் படித்துப் பார்ப்பது நல்லது. நீங்களே வேலையைச் செய்து கொடுத்தால், அது உபஒப்பந்தமாக இருந்தாலும், நீங்கள் இடைத்தரகர் அல்ல என்று 2021 செப்டம்பர் 20 தேதியிட்ட 159-ஆம் எண் சுற்றறிக்கை தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வேலையைச் செய்யும் ஒருவர் ஒப்பந்தத்தில் தன்னை 'ஏஜெண்ட்' என்று எழுதிக்கொண்டதால் மட்டும் நோட்டீஸ் வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். செய்யும் வேலையைச் சரியான சொல்லால் எழுதுங்கள்.

இரண்டு வழிகள்

முதல் வழி எல்யூடி என்று எல்லோரும் சொல்லும் உறுதிமொழிக் கடிதம். ஜிஎஸ்டி இணையதளத்தில் GST RFD-11 படிவத்தை நிரப்பித் தாக்கல் செய்தால் போதும், கட்டணம் இல்லை. ஒரு நிதியாண்டுக்குச் செல்லும், ஏப்ரலில் மறுபடி தாக்கல் செய்ய வேண்டும். 2.5 கோடி ரூபாய்க்கு மேல் வரி ஏய்த்ததற்காக வழக்குத் தொடரப்பட்டவர்களைத் தவிரப் பதிவு பெற்ற எல்லோருக்கும் இது உண்டு. இந்த வழியில் இன்வாய்ஸில் வரி போடுவதில்லை, அரசுக்கும் கட்டுவதில்லை. கணக்கில் சேர்ந்து கிடக்கும் உள்ளீட்டு வரி வரவை மட்டும் ரீஃபண்டாகக் கேட்கிறோம்.

இரண்டாவது வழியில் ஏற்றுமதி இன்வாய்ஸுக்கு ஐஜிஎஸ்டி கணக்கிட்டு, பெரும்பாலான சேவைகளுக்கு 18 சதவீதம், அதை GSTR-3B என்ற வரிக் கணக்குப் படிவத்தில் கட்டிவிடுகிறோம். கட்டுவது வாடிக்கையாளர் அல்ல, நாம்தான். பிறகு கட்டியது முழுவதையும் ரீஃபண்டாகக் கேட்கிறோம். 2023 அக்டோபர் 1 முதல் இந்த வழி அறிவிக்கை செய்யப்பட்டவர்களுக்கு மட்டும் என்று சட்டம் மாறியது. ஆனால் அதற்கான 1/2023 எண் அறிவிக்கையிலேயே சேவைகள் எல்லாம் இடம்பெற்றுவிட்டன. ஆகவே இந்த வழி சேவை ஏற்றுமதியாளர்களுக்கு மூடப்பட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

"ஒரு கையால் கட்டி மறு கையால் வாங்குவானேன்? எல்யூடியே எளிது" என்று பெரும்பாலான ஆடிட்டர்கள் சொல்வார்கள். வரவு எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்க்காமல் சொல்லும் ஆலோசனை அது. இரண்டு வழிகளையும் பிரிப்பது ஜிஎஸ்டி விதிகளில் 89(4) என்ற விதிதான். எல்யூடி வழியில் கிடைக்கும் ரீஃபண்ட் இந்தச் சூத்திரப்படிதான் வரும்:

```
ரீஃபண்ட் = (பூஜ்ய விகித விற்றுமுதல் × நிகர உள்ளீட்டு வரி வரவு) ÷ சரிசெய்த மொத்த விற்றுமுதல்
```

இதில் 'நிகர உள்ளீட்டு வரி வரவு' என்பது உள்ளீட்டுப் பொருள்கள், உள்ளீட்டுச் சேவைகள் மீதான வரி மட்டும். மூலதனப் பொருள்கள் இதில் இல்லை. கணினி, சர்வர், குளிர்சாதனக் கருவி, மேசை நாற்காலி என்று நீங்கள் மூலதனமாகக் கணக்கெழுதிய எதன் வரியும் இந்தச் சூத்திரத்துக்குள் வராது. ஐஜிஎஸ்டி வழியில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கணக்கில் இருக்கும் எந்த வரவையும், மூலதனப் பொருள் வரவு உட்பட, ஐஜிஎஸ்டி கட்டப் பயன்படுத்தலாம். கட்டியது முழுதும் ரொக்கமாகத் திரும்பி வரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இருவர் கூட்டாக நடத்தும் மென்பொருள் நிறுவனம். வாடிக்கையாளர்கள் எல்லோரும் வெளிநாட்டில். ஏப்ரல் முதல் ஜூன் வரை 24 லட்சம் ரூபாய்க்கு இன்வாய்ஸ் போட்டு, பணமும் அந்தக் காலாண்டுக்குள் வந்துவிட்டது. அலுவலக வாடகை, இணைய இணைப்பு, கணக்காளர் கட்டணம் போன்றவற்றுக்குக் கட்டிய வரி 72,000 ரூபாய். அதே காலாண்டில் 10 லட்சம் ரூபாய்க்குக் கணினிகள் வாங்கினார்கள். அதற்கு 18 சதவீத வரி 1,80,000 ரூபாய். ஆக, வரவுக் கணக்கில் இருப்பது 2,52,000 ரூபாய்.

எல்யூடி வழியில் போனால், விற்றுமுதல் முழுவதும் ஏற்றுமதி என்பதால் விகிதம் ஒன்று. ஆகவே 72,000 ரூபாயும் கிடைக்கும். கணினி வரியான 1,80,000 ரூபாய் அப்படியே நிற்கும். உள்நாட்டு விற்பனை இல்லாததால் அதைச் செலவழிக்க வேறு வழியும் இல்லை.

ஐஜிஎஸ்டி வழியில் எல்லா இன்வாய்ஸுக்கும் போனால், 24 லட்சத்துக்கு வரி 4,32,000 ரூபாய். வரவிலிருந்து 2,52,000 போக மீதி 1,80,000 ரூபாயை ரொக்கமாகக் கட்ட வேண்டும். ரீஃபண்டாக 4,32,000 வரும்; அதாவது நிகரமாக வரவு முழுவதும் கைக்கு வந்துவிடும். ஆனால் ரீஃபண்ட் வர 4 மாதம் ஆகிறது என்று கொண்டால், அதுவரை 1,80,000 ரூபாய் சொந்தப் பணம் முடங்கும். 12 சதவீத வட்டிக் கடனில் அதைப் புரட்டினால் 7,200 ரூபாய் செலவு.

பலரும் இந்த இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். மூன்றாவது ஏற்பாடு ஒன்று இருக்கிறது. விற்பனை விவரங்களைத் தரும் GSTR-1 படிவத்தின் ஏற்றுமதி அட்டவணையில் ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் தனித்தனியாக `WPAY` (வரி கட்டி) அல்லது `WOPAY` (வரி கட்டாமல்) என்று குறிக்கிறோம். ஆண்டு முழுவதும் ஒரே வழியில்தான் போக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே இந்த நிறுவனம் 14 லட்சம் ரூபாய் மதிப்புள்ள இன்வாய்ஸ்களுக்கு மட்டும் ஐஜிஎஸ்டி போடலாம். 14 லட்சத்துக்கு 18 சதவீதம் சரியாக 2,52,000 ரூபாய். கணக்கில் இருக்கும் வரவு முழுவதும் அதற்கே சரியாகப் போய்விடும். மீதி 10 லட்சம் ரூபாய் இன்வாய்ஸ்கள் எல்யூடியில் போகட்டும். ஒரு ரூபாய் ரொக்கமும் கட்டாமல், 2,52,000 ரூபாய்க்கு ரீஃபண்ட் கேட்கலாம். வரவுக் கணக்கு காலியாகிவிடுவதால் எல்யூடி பங்குக்குத் தனியாகக் கேட்க எதுவும் இருக்காது.

இங்கே ஒரு நுணுக்கம். வரி கட்டும் அந்த 14 லட்சத்துக்கு, சீக்கிரம் பணம் தரும் வாடிக்கையாளர்களின் இன்வாய்ஸ்களைத் தேர்ந்தெடுங்கள். சேவை ஏற்றுமதியில் பணம் வந்ததற்கான வங்கிச் சான்று இல்லாமல் எந்த வழியிலும் ரீஃபண்ட் இல்லை. தாமதமாகப் பணம் தருபவரின் இன்வாய்ஸுக்கு வரி கட்டிவிட்டால், வரவும் போய், ரீஃபண்டும் வராமல் நிற்க நேரிடும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மூலதனப் பொருள் வாங்காத சாதாரண மாதங்களில் எல்யூடியே போதும். எந்தக் காலாண்டில் பெரிதாகக் கருவிகள் வாங்குகிறீர்களோ, அந்தக் காலாண்டில் வரவின் அளவுக்கு மட்டும் ஐஜிஎஸ்டி வழியில் போங்கள். ஆனால் உள்நாட்டு விற்பனையும் கணிசமாக இருந்தால் இந்த ஏற்பாடே தேவைப்படாது. கணினி வரவு உள்நாட்டு வரியைக் கட்டவே பயன்பட்டுவிடும். கணினியின் வரியையும் விலையோடு சேர்த்து வருமான வரிக் கணக்கில் தேய்மானம் காட்டியிருந்தால் அந்த வரவே உங்களுக்குக் கிடையாது. இதை மட்டும் முதலிலேயே கணக்காளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பணம் வரும் நாளும் சான்றும்

சூத்திரத்தில் 'பூஜ்ய விகித விற்றுமுதல்' என்பதை இன்வாய்ஸ் தொகை என்று நினைத்துப் பலர் தவறு செய்கிறார்கள். சேவைகளுக்கு அது அந்தக் காலத்தில் கைக்கு வந்த தொகை. முன்பே முன்பணம் வாங்கி இப்போது முடித்த வேலையைக் கூட்ட வேண்டும். இப்போது முன்பணம் வாங்கி இன்னும் முடிக்காத வேலையைக் கழிக்க வேண்டும். ஜூனில் இன்வாய்ஸ் போட்டு ஜூலையில் பணம் வந்தால் அது ஜூலை கணக்கு. பணமே வராத மாதத்துக்குத் தனியாக விண்ணப்பித்தால் ரீஃபண்ட் பூஜ்யம்தான். அதனால் மாதாமாதம் கேட்பதைவிடக் காலாண்டாகச் சேர்த்துக் கேட்பது பெரும்பாலோருக்கு நல்லது. சிறு வரவு உள்ளவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: 1,000 ரூபாய்க்குக் குறைந்த ரீஃபண்டைச் சட்டம் தராது. அந்த வரம்பு மத்திய வரி, மாநில வரி என ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனி. மாதம் 700 ரூபாய் வீதம் இரண்டு தலைப்பிலும் வரவு வருபவருக்கு மாதாந்திர விண்ணப்பத்தில் ஒன்றும் கிடைக்காது. மூன்று மாதம் சேர்த்தால் ஒவ்வொன்றிலும் 2,100 ரூபாய் கிடைக்கும்.

பணம் நேராக வங்கிக்கு வந்தால் அந்நியச் செலாவணி வரவுச் சான்றை வங்கியே தரும். இணையப் பணப்பரிமாற்ற நிறுவனம் வழியாக வந்தால் உங்கள் கணக்கில் ரூபாயாகத்தான் விழும். வங்கிப் புத்தகத்தைப் பார்த்தால் உள்நாட்டு வரவு போலவே தெரியும். அந்த நிறுவனத்திடமிருந்து ஒவ்வொரு தொகைக்கும் செலாவணிச் சான்றைக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். ரீஃபண்ட் விண்ணப்பிக்கும் நாளில் தேடாமல், பணம் வந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். எந்த இன்வாய்ஸுக்கு எந்தச் சான்று, பரிமாற்றக் கட்டணமாக எவ்வளவு பிடித்தார்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தால் அதிகாரியின் பாதிக் கேள்விகள் எழவே எழாது.

பணம் வராமலேயே போனால்? எல்யூடி வழியில் இன்வாய்ஸ் தேதியிலிருந்து ஓராண்டு அவகாசம். ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் காலம் அதைவிடப் பிந்தையது என்றால் அதுவரை. அது முடிந்து 15 நாளுக்குள் வரியை 18 சதவீத வட்டியோடு கட்ட வேண்டும் என்று 96A விதி சொல்கிறது. ஐஜிஎஸ்டி வழியில் வரியை ஏற்கெனவே கட்டிவிட்டதால் வட்டிச் சுமை இல்லை. ரீஃபண்ட் மட்டும் கிடைக்காது. நீண்ட கடனுக்கு வேலை செய்பவர்கள் எல்யூடி இன்வாய்ஸ்களின் தேதிகளை நாள்காட்டியில் குறித்து வைக்க வேண்டும்.

விண்ணப்பமும் அது எங்கே சிக்குகிறது என்பதும்

இரண்டு வழிகளுக்கும் விண்ணப்பம் RFD-01 படிவம்தான். காரணத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் வேறுபாடு. சரக்கு ஏற்றுமதியில் ஐஜிஎஸ்டி கட்டினால் சுங்கத்துறை ஆவணமே ரீஃபண்ட் விண்ணப்பமாகி, தனி விண்ணப்பம் தேவைப்படாது. சேவைக்கு அந்த வசதி இல்லை. ஐஜிஎஸ்டி கட்டிவிட்டுத் தானாக வரும் என்று காத்திருந்தவர்கள் உண்டு. இரண்டு ஆண்டு கெடு தாண்டிப் போனவர்களும் உண்டு. வேலை முடிந்தபின் பணம் வந்தால் பணம் வந்த நாளிலிருந்தும், முன்பணமாக வந்தால் இன்வாய்ஸ் நாளிலிருந்தும் அந்த இரண்டு ஆண்டுகளை எண்ண வேண்டும்.

தாக்கல் செய்யும் முன் GSTR-3B-ஐ ஒருமுறை பாருங்கள். ஏற்றுமதித் தொகை 3.1(b) வரிசையில் இருக்க வேண்டும். அவசரத்தில் 3.1(a)-இல், சாதாரண விற்பனையோடு சேர்த்து எழுதிவிட்டால், இணையதளம் அந்தக் காலத்துக்கான ரீஃபண்டை ஏற்காமல் நிறுத்திவிடும். அதேபோல், எல்யூடி வழியில் நீங்கள் கேட்கும் வரவு, விற்றவர் தாக்கல் செய்து உங்கள் GSTR-2B என்ற வரவுப் பட்டியலில் ஏறியதாக இருக்க வேண்டும். கையில் பில் இருக்கிறது என்பது போதாது. வாடகை தரும் கட்டட உரிமையாளர் கணக்குத் தாக்கல் செய்கிறாரா என்று மாதாமாதம் பார்ப்பது இதற்காகத்தான்.

எல்யூடி ரீஃபண்டுக்கு விண்ணப்பித்தவுடன் கேட்ட தொகை வரவுக் கணக்கிலிருந்து கழிக்கப்படும். 15 நாளுக்குள் RFD-02 என்ற ஒப்புகை வர வேண்டும். ஆவணம் குறைந்தால் RFD-03 குறைபாட்டு அறிவிப்பு வரும். தொகை கணக்குக்குத் திரும்பும். புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். முதல் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து அறிவிப்பு வந்த நாள் வரையான காலம் இரண்டு ஆண்டுக் கெடுவில் சேராது. ஒப்புகைக்குப் பின் 90 சதவீதம் வரை தற்காலிகமாக வழங்கவும் சட்டத்தில் இடம் உண்டு. முழு உத்தரவு 60 நாளுக்குள் வர வேண்டும். தாண்டினால் ஆண்டுக்கு 6 சதவீத வட்டி உங்களுக்குச் சேரும். தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ நினைத்தால் அதிகாரி RFD-08 நோட்டீஸ் கொடுத்துப் பதில் கேட்டாக வேண்டும். அந்த நோட்டீஸுக்கு 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். மின்னஞ்சலைப் பார்க்காமல் விட்டு, பதிலே போகாததால் உரிய தொகையை இழந்த விண்ணப்பங்களை நான் பார்த்திருக்கிறேன்; ஒப்பந்தமும் செலாவணிச் சான்றும் கையில் இருந்தும் அப்படி நடந்தது மனத்தை மிகவும் உறுத்துகிறது.

எல்யூடியை ஏப்ரலில் தாக்கல் செய்ய மறந்து, ஜூனில் நினைவுக்கு வந்தால் என்ன செய்வது? உடனே தாக்கல் செய்யுங்கள். இடைப்பட்ட ஏற்றுமதிக்குப் பூஜ்ய விகிதத்தை இந்த ஒரு நடைமுறைத் தவறுக்காக மறுக்கக் கூடாது, சூழ்நிலையைப் பார்த்து முன்தேதியிட்டு அனுமதிக்கலாம் என்று 2019-ஆம் ஆண்டின் 125-ஆம் எண் சுற்றறிக்கை அதிகாரிகளுக்குச் சொல்கிறது. நோட்டீஸ் வந்தால் பதிலோடு அந்தச் சுற்றறிக்கையின் நகலையும் இணைத்து அனுப்புங்கள்.